ஏழில் சனி – கடிதம்

வணக்கம் சார்,

எனக்கு 28 வயது. 1997 அக்டோபர் முதல் வாரத்தில், விடியற்காலை ஆறு மணி வாக்கில் பிறந்தேன். கன்னி லக்னம், ஏழில் சனி. ‘முப்பதுக்கு மேல்தான் கல்யாணம், மாப்பிள்ளையும் வயதில் ரொம்ப மூத்தவராக இருப்பார்’ என்று எனக்குப் பத்து வயதிலேயே ஒரு ஜோசியர் சொல்லிவிட்டார். அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். இப்போது 39 வயதுக்காரர் ஒருவரின் ஜாதகம் வந்திருக்கிறது. ‘உன் ஜாதகத்துக்கு இதுதான் பொருந்தும், மூத்தவரைக் கட்டினால் தோஷம் கழிந்துவிடும்’ என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுத்தால் பிறகு கல்யாணமே நடக்காதோ என்ற பயமும் இருக்கிறது. ஏழில் சனி என்றால் அப்படித்தானா?

ச.

அன்புள்ள ச.,

அப்படி இல்லை. ஏன் இல்லை என்பதை ஜாதகக் கட்டத்தை வைத்தே சொல்கிறேன். ஒருவரின் கல்யாண வயதைக் கிரகம் நிர்ணயிக்கிறது என்று நான் நம்பவில்லை. ஆனால் கட்டம் போடவும் படிக்கவும் சின்ன வயதில் வீட்டிலேயே கற்றுக்கொண்டவன் நான். உங்கள் அப்பாவிடம் பேசப்போவது நீங்கள். அவருக்குப் புரிகிற பாஷை ஜாதகம்தான் என்பதால் அதிலேயே எழுதுகிறேன்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். கண்ணுக்குத் தெரிகிற கிரகங்களில் மெதுவாக நகர்வது சனி. சந்திரன் ஒரு ராசியை இரண்டேகால் நாளில் கடந்துவிடும். சனிக்கு இரண்டரை வருஷம் ஆகும், பன்னிரண்டு ராசியையும் சுற்றிவர ஏறக்குறைய முப்பது வருஷம். அதனால்தான் அவருக்கு மந்தன் என்று பெயர். சனைச்சரன் என்றாலும் மெல்ல நடப்பவன் என்றுதான் அர்த்தம். மெல்ல நடப்பவர் என்பதால் தாமதத்துக்கும் முதுமைக்கும் அவரைக் காரகராக வைத்தார்கள். லக்னத்திலிருந்து எண்ணி வரும் ஏழாம் இடம் களத்திர ஸ்தானம், அதாவது வாழ்க்கைத் துணைக்கான இடம். தாமதமும் களத்திரமும் சேர்ந்தால் தாமதக் கல்யாணம், முதுமையும் களத்திரமும் சேர்ந்தால் மூத்த துணை. இரண்டு சொற்களை ஒட்டவைத்துக் கிடைத்த பலன், அவ்வளவுதான். முப்பது என்ற எண்ணும் அந்தச் சுற்றிலிருந்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. ‘முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள் இல்லையா, அதே முப்பது.

சரி, இந்த அமைப்பு எத்தனை பேருக்கு இருக்கும்? லக்னம் என்பது பிறக்கும் நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசி, அது ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. சனி நிற்கும் ராசிக்கு நேர் எதிர் ராசி கிழக்கே உதிக்கிற அந்த இரண்டு மணி நேரத்தில் பிறக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் ஏழில் சனிதான். தினமும் அப்படி ஒரு நேரம் வந்து போகிறது. பன்னிரண்டு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கல்யாண மண்டபத்தில் 240 பேர் உட்கார்ந்திருந்தால் அதில் 20 பேர் உங்களைப் போன்றவர்கள். ஜோசியர்கள் அதோடு நிற்பதும் இல்லை, சனி ஏழாம் இடத்தைப் பார்த்தாலே தாமதம் என்பார்கள். சனிக்கு, அவர் நிற்கும் இடத்திலிருந்து எண்ணி, 3, 7, 10 என்று மூன்று பார்வை. லக்னத்தில் இருந்தாலும், ஐந்தில் இருந்தாலும், பத்தில் இருந்தாலும் ஏதாவது ஒரு பார்வை ஏழில் விழும். ஏழில் இருப்பவரையும் சேர்த்தால் பன்னிரண்டில் நான்கு. மூன்றில் ஒருவருக்குத் தாமதக் கல்யாணம் என்று சொல்லிவைத்தால், அது பலிக்கிற இடங்கள் எப்படியும் நிறையக் கிடைக்கும்.

உங்கள் விஷயத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. 1996 பிப்ரவரியிலிருந்து 1998 ஏப்ரல் வரை சனி மீனத்திலேயே இருந்தார். அந்த இரண்டு வருஷத்துக்கு மேலான காலத்தில் கன்னி லக்னத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஏழில் சனிதான், விதிவிலக்கே கிடையாது. உங்களோடு படித்தவர்களில் கன்னி லக்னக்காரர்கள் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். அவர்களில் யாருக்கு எந்த வயதில் கல்யாணம் ஆனது என்பதையும் கேளுங்கள். ஜோசியர் ஒருவர் சொல்வதைவிட இது உங்களுக்கு நல்ல சாட்சி.

இப்போது உங்கள் கட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் பிறந்த காலையில் சூரியன் கன்னியில், கிழக்கே உதித்துக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் சனி நேர் எதிரே, மேற்கு அடிவானத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் அதிகாலையில் மேற்கே பார்த்தவர்கள் அதை வெறும் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். ஏழாம் இடம் என்றால் அந்த மேற்கு அடிவானம்தான். சனிக்குத் திக்பலம், அதாவது நிற்கும் திசையால் வரும் பலம், கிடைக்கிற இடமும் அதுதான். சூரியனுக்கும் செவ்வாய்க்கும் பத்து எப்படியோ, சனிக்கு ஏழு அப்படி. இந்த ஒரு விஷயத்தை எந்த ஜோசியரும் மறுக்க மாட்டார். ஆனால் பெண்ணைப் பெற்றவர்களிடம் இதைச் சொல்பவர்கள் குறைவு.

அப்புறம் குருவைப் பாருங்கள். கன்னி லக்னத்துக்கு ஏழாம் அதிபதி குரு. 1997 முழுக்கவே அவர் மகரத்தில் இருந்தார், உங்களுக்கு அது ஐந்தாம் இடம். மகரம் சனியின் வீடு. சனி நிற்கும் மீனமோ குருவின் வீடு. ஒருவர் வீட்டில் ஒருவர், அதாவது பரிவர்த்தனை. பரிவர்த்தனையில் இருக்கும் இரண்டு கிரகங்களும் தத்தம் சொந்த வீட்டில் இருப்பது போலப் பலன் சொல்ல வேண்டும் என்பது ஜோதிடத்தில் பாலபாடம். ஐந்துக்கும் ஏழுக்கும் பரிவர்த்தனை என்றால் மனதுக்குப் பிடித்தவரோடு கல்யாணம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். உங்கள் வீட்டில் யாராவது அதைச் சொன்னார்களா?

மகரத்தில் குரு நீசம், அதாவது பலம் இழந்தவர் ஆயிற்றே என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நீச கிரகம் நிற்கும் ராசியின் அதிபதி லக்னத்துக்குக் கேந்திரத்தில், அதாவது 1, 4, 7, 10 ஆகிய இடங்களில் ஒன்றில் இருந்தால் நீசபங்கம், அந்தப் பலவீனம் நீங்கிவிடும். இங்கே அந்த அதிபதி சனி. அவர் இருப்பது ஏழு, கேந்திரம். ஆக, களத்திர ஸ்தானாதிபதியின் பலவீனத்தைச் சரிசெய்வதே நீங்கள் பயப்படுகிற அந்த ஏழாம் இடத்துச் சனிதான். நீசபங்கம் பெற்ற குரு தன் ஒன்பதாம் பார்வையால் உங்கள் லக்னத்தையும் பார்க்கிறார். சனி கெட்ட இடமான ஆறுக்கும் அதிபதி ஆயிற்றே என்று இன்னொரு ஜோசியர் வாதாடலாம், வாதாடட்டும். அந்த வாதத்திலும் முப்பது வயது இல்லை, 39 வயது மாப்பிள்ளையும் இல்லை.

கல்யாணம் எப்போது என்ற கேள்விக்கு அவர்கள் பார்ப்பதும் இந்தக் கட்டத்தை மட்டும் அல்ல. எந்த தசை, எந்த புத்தி நடக்கிறது, கோசாரத்தில், அதாவது கிரகங்களின் அன்றன்றைய நகர்வில், குருபலம் வந்துவிட்டதா என்பதை வைத்துத்தான் காலம் சொல்வார்கள். பத்து வயதுப் பிள்ளையின் நோட்டைப் புரட்டி ஏழில் சனியைக் கண்டதும் முப்பது என்று சொன்னவர், தன் சாஸ்திரத்தின் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

மூத்த மாப்பிள்ளை விஷயத்துக்கு வருவோம். நம் வழக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணைவிட மூத்தவராகத்தான் இருப்பார். ஆகவே பெண் ஜாதகத்தில் ‘மூத்த துணை’ என்று எழுதினால் அநேகமாக எல்லோருக்கும் பலித்துவிடும். மூன்று வருஷமா, பதினொரு வருஷமா என்று சனி சொல்லவில்லை. இதே ஏழில் சனி ஒரு பையன் ஜாதகத்தில் இருந்தால் அவனைவிடப் பத்து வயது மூத்த பெண்ணை யாராவது தேடுகிறார்களா? தேடமாட்டார்கள். ‘பெண் கொஞ்சம் முதிர்ச்சியாகத் தெரிவாள்’ என்று பலனை மாற்றிக்கொள்வார்கள். அவனுக்கு வளைந்துகொடுக்கிற விதி உங்களுக்கு மட்டும் ஏன் வளையாது என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

தாமதம் என்ற சொல்லும் அப்படித்தான். இந்தியாவில் பெண்ணுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது 14 என்று சட்டம் போட வேண்டியிருந்தது 1929இல். அது 18 ஆனது 1978இல். பன்னிரண்டு வயதில் கல்யாணம் செய்துவைத்த காலத்தில் பதினெட்டே தாமதம். பலன் பழையது, வயதை மட்டும் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் திருத்திக்கொள்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அத்தை மகளுக்கும் ஏழில் சனி. அவளுடைய ஜாதக நோட்டை நான் பார்த்திருக்கிறேன். நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் காய்ந்து தாள் விறைத்திருக்கும். ராசிக் கட்டத்துக்குக் கீழே யாரோ பென்சிலில் ‘29க்கு மேல்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள். அவளுக்கு 24 வயதில் இரண்டு நல்ல வரன்கள் வந்தன. ‘இப்போது செய்தால் நிலைக்காது’ என்று மாமா திருப்பி அனுப்பினார். பிறகு 29 வரை யாரும் தேடவே இல்லை. தேட ஆரம்பித்து இரண்டு வருஷம் அலைந்து 31 வயதில் கல்யாணம் நடந்தது. ‘ஜோசியர் சொன்னது சொன்னபடி நடந்தது பார்’ என்று மாமா பந்தியிலேயே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஏழு வருஷத் தாமதத்தைச் செய்தது சனியா, பென்சில் எழுத்தா? அன்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் தேடாமல் இருந்ததும் அந்த ஒரு வரியால்தான், இப்போது 39 வயது வரனை ‘பொருத்தம்’ ஆக்குவதும் அதே வரிதான். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவரோடு பேசிப் பார்த்து உங்களுக்கே பிடித்திருந்தால் அது வேறு கதை. தோஷம் கழிவதற்காக அவரைக் கட்ட வேண்டும் என்றால் வேண்டாம். மறுத்தால் கல்யாணமே நடக்காது என்று உங்கள் கட்டத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அப்பாவிடம் நோட்டை எடுத்துத் தரச் சொல்லுங்கள். சண்டையாகக் கேட்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். மீனத்தில் சனி, மகரத்தில் குரு என்று அவர் விரலாலேயே தொட்டுக் காட்டட்டும். அது யார் யாருடைய வீடு என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த விஷயம்தான், பதில் அவரே சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு வீட்டில் என்ன பேச்சு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.