கலைவிழா நேரம் இழுக்காமல் இருக்க

"சுங்கை சிப்புட்டில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். 36 பிள்ளைகள், 9 நிகழ்ச்சிகள். போன ஆண்டு விழா ஒரு மணி நேரம் இழுத்துவிட்டது. பெற்றோர் உதவ வருகிறார்கள்; யாரை எங்கே நிறுத்துவது?"

டீச்சர், நேரம் மேடையில் போவதில்லை, இடைவெளிகளில்தான் போகிறது. 9 நிகழ்ச்சிக்கு 8 இடைவெளி. ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் என்றாலே 40 நிமிடம் பறந்துவிடும்.

வரிசையை முடிவு செய்யும் முன், எந்தப் பிள்ளை எதெதில் வருகிறது என்று ஒரே தாளில் எழுதுங்கள். கோலாட்டத்தில் பாவாடை தாவணியில் ஆடும் சிறுமியே நாடகத்தில் ஔவையார் என்றால், சேலை கட்டி, நரைமுடி பொருத்த நேரம் வேண்டும். நடுவில் குறள் ஒப்புவித்தலையும் பேச்சையும் போடுங்கள். அவற்றுக்கு உடை மாற்றமே இல்லை.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பெற்றோர் பொறுப்பு: பெயர்ப் பட்டியலோடு பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்துவது மட்டுமே அவர் வேலை. சொந்தப் பிள்ளை ஆடும் நிகழ்ச்சியை அவரிடம் கொடுக்காதீர்கள், கைப்பேசியோடு மேடை முன் போய் நின்றுவிடுவார்! பெற்றோருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறலாம் என்பதால் பக்கத்திலேயே மாற்றாள் பெயரையும் எழுதுங்கள்.

ஒத்திகை 6 வாரம் போதும். முதல் 4 வாரம் வகுப்பின் கடைசி அரை மணி நேரம். மீதி இரண்டு வாரமும் மண்டபத்திலேயே. ஐந்தாவது வாரம் முழு ஆட்டம் வேண்டாம். ஒரு நிகழ்ச்சியின் கடைசி வரி, அவர்கள் இறங்குவது, அடுத்தவர்கள் ஏறுவது, பாட்டுத் தொடங்குவது: இதை மட்டும் கடிகாரம் பார்த்துப் பழக்குங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டும் இடத்தில் அறிவிப்பாளருக்கு இரண்டு வரி கூடுதலாக எழுதிக்கொடுங்கள். ஆறாவது வாரம் முழு உடையில், நிறுத்தாமல் ஒரே ஓட்டம்.