தேயிலையைக் கடைசியில் போடுங்கள்

கேள்வி: அக்கா, எங்கட வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில் வெயிலையும் ரோட்டு நெரிசலையும் பற்றி நான் எழுதினால் ஒருவரும் சிரிப்பதில்லை. "பாவம்" என்று பதில் வருகுது. "வெயில் நெருப்பா எரிக்குது", "ரோட்டில ஆயிரம் மணித்தியாலம் நிண்டன்" என்று நானும் மிகைப்படுத்தித்தான் எழுதுகிறேன். எங்கே பிழை விடுகிறேன்?
— கல்லடி வாசகி

பதில்:

தங்கச்சி, "நெருப்பு வெயில்" ஒரு காலத்தில் மிகைதான். இப்போது அதைக் கேட்கும் யாருக்கும் நெருப்பு கண்ணில் தெரிவதில்லை, "நல்ல வெயில்" என்றுதான் காதில் விழுகிறது. பேய் மழை, மண்டையைப் பிளக்கும் வெயில், ஆமை வேகம் எல்லாம் அப்படித் தேய்ந்து போனவை. அவற்றைப் போட்டு எழுதினால் வாசிப்பவருக்கு உங்கள் களைப்பு மட்டும் போய்ச் சேரும். அதனால்தான் "பாவம்" என்கிறார்கள்.

பழைய அணியிலக்கணத்தில் இதற்கு உதவுகிற பெயர் ஒன்று இருக்கிறது: இல்பொருள் உவமை. உலகத்தில் இல்லாத ஒன்றை உண்டாக்கி அதோடு ஒப்பிடுவது. இல்லாத பொருள் என்றாலும், அது உள்ள பொருளிலிருந்து முளைக்க வேண்டும். ஆகவே மிகையைத் தேடுவதற்கு முன் உண்மையான சின்ன விபரம் ஒன்றைப் பிடியுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பின்னேரம் குழாயைத் திறந்தால் என்ன நடக்கும்? கூரைக்கு மேலே இருக்கும் கறுப்புத் தாங்கி பகல் முழுவதும் வெயிலை வாங்கியிருக்கும், தண்ணீர் கையைச் சுடும். இது எல்லா வீட்டிலும் நடப்பது. இதை எடுத்துக்கொள்வோம்.

முதல் முயற்சியில் பெரும்பாலானோர் அளவைக் கூட்டுவார்கள்: "தாங்கித் தண்ணி கொதிக்குது." இதில் சிரிப்பு இல்லை, சூடு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். சூட்டைக் கூட்டாமல், அந்தச் சூடு உண்மையாக இருந்தால் வீட்டில் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். கொதிக்கிற தண்ணீர் கிடைத்தால் நம் ஆட்கள் பிளேன்டீ போடுவார்கள். அப்படியானால்: "தேயிலையைப் போட்டாச் சாயம் இறங்குற அளவுக்குத் தாங்கித் தண்ணி சூடாக் கெடக்கு."

பொருள் சரி, ஆனால் வசனம் கவிழ்ந்துவிட்டது. தமிழில் வினை கடைசியில் வருவதால் "அளவுக்கு" என்று கட்டினால் எப்போதும் இந்தப் பொறிதான். வேடிக்கையான தேயிலை முன்னுக்கே வந்து போய்விடுகிறது, எல்லோருக்கும் தெரிந்த "சூடாக் கெடக்கு" கடைசி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிரிப்பு கடைசிச் சொல்லில் வெடிக்க வேண்டியது, இங்கே வெடித்த பிறகும் வாசிப்பவர் நான்கு சொல் நடக்க வேண்டியிருக்கிறது. வசனத்தை இரண்டாக வெட்டினால் இது தீரும்:

"தாங்கித் தண்ணி நல்ல சூடு. பின்னேரம் குளிக்கப் போகேக்க சவர்க்காரம், துவாய், தேயிலை."

வினையே இல்லாமல் பொருட்களின் பெயரோடு நிறுத்தியதைக் கவனியுங்கள். முதல் இரண்டு பொருளும் வழக்கமானவை, வாசிப்பவர் அந்த வழியில் நடக்கத் தொடங்கிவிடுவார், மூன்றாவதில் கால் இடறும். வழக்கமானவை ஒன்றாக இருந்தால் நடை பிடிபடாது, நான்கு ஐந்தானால் சலிப்பு வரும். "போல", "மாதிரி" எதுவும் இல்லாததையும் பாருங்கள். "தேத்தண்ணி மாதிரிச் சூடு" என்றால் ஒப்பிடுகிறீர்கள் என்று நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள். நடந்த காரியமாகச் சொன்னால் கண்டுபிடிக்கும் வேலை வாசிப்பவருக்குக் கிடைக்கிறது.

இனி உங்கள் "ஆயிரம் மணித்தியாலம்." ஆயிரம், இலட்சம், கோடி எல்லாம் தமிழில் "கன" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாத எண்கள். நேரத்தை எண்ணால் சொல்லாமல், நேரம் எடுத்து மாறுகிற ஒரு பொருளால் சொல்லுங்கள். நம் பக்கத்தில் அதற்கு முட்டித் தயிரைவிட நல்லது வேறில்லை. உறை விட்ட பால் தயிராக ஓர் இரவு வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்லடிக்கு வர அவ்வளவு நேரம் தேவையில்லை என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே முட்டியில் வையுங்கள்:

"களுவாஞ்சிக்குடியில பஸ் ஏறேக்க மடியில உறை விட்ட பால். கல்லடிப் பாலத்தில இறங்கேக்க தயிர்."

உறையை விட்டுவிடாதீர்கள். வெறும் பால் என்று எழுதினால், "உறையில்லாமல் எப்படித் தயிராகும், திரைஞ்சுதான் போகும்" என்று யாராவது பதில் போடுவார், பேச்சு பால் பக்கம் திரும்பிவிடும். மிகையில் ஒரு பொய்க்குத்தான் இடம். இங்கே அந்தப் பொய் பயணத்தின் நீளம், மற்றதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். "பால் தயிராகி, நான் கிழவியாகி, பஸ்ஸும் துருப்பிடித்து" என்று அடுக்கினால் மூன்றும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். மூன்றும் நன்றாக இருந்தால் மூன்று நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியது சரியா என்று பார்க்க, கடைசிச் சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு வாசியுங்கள். அது இல்லாமலே வேடிக்கை புரிந்துவிட்டால் அந்தச் சொல் தேவையற்றது, அல்லது இடம் மாறியிருக்கிறது. பின்னால் "அவ்வளவு நெரிசல்!" என்ற விளக்கமோ, சிரிக்கும் முகமோ ஒட்ட வேண்டாம், அவை வெடித்த இடத்தைத் தள்ளிப்போடும்.

எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ரோட்டு, பஸ், வெயில், தாங்கி, உங்கள் குடை எதையும் பெருப்பிக்கலாம். "அந்த ஊர்ச் சனம் ரோட்டை விடாது" என்று எழுதிய அந்தக் கணமே அது நெரிசலைப் பற்றிய பகிடி இல்லை, சனத்தைப் பற்றிய பழி. ஊர்களும் சமூகங்களும் ஒரே பிரதான வீதியில் அடுத்தடுத்து இருக்கிற நம் மாவட்டத்தில், எல்லோரும் இருக்கும் வேலையிடத்துக் குழுவில், அது ஒருவரையாவது குத்தும்.

மழைக்கு இன்னும் கவனம் வேண்டும். 1978 சூறாவளியையும் 2004 கடல்கோளையும் 2011 தை மாத வெள்ளத்தையும் கண்ட இடம் இது. "வெள்ளம் வீட்டையே தூக்கிக்கொண்டு போச்சு" என்பது வேறெங்கோ மிகையாக இருக்கலாம், இங்கே வாசிப்பவர் சிலருக்கு அது நடந்தது. மிகை என்பது நடக்க முடியாததாக இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே வாவி பெருகி ஆட்கள் இடம்பெயர்ந்த நாட்களில் எழுதவே வேண்டாம். வெறும் சலிப்புத் தருகிற மழைக்கு, யாரும் எதையும் இழக்காத ஒன்றைப் பிடியுங்கள். மார்கழியில் காயாத உடுப்பு நல்ல விபரம். ஈரத்தில் நாட்கணக்காகக் கிடந்தால் என்ன முளைக்கும் என்று கேட்டால் வசனம் தானாக வரும்:

"கொடியில போட்ட சேட்டுக்கு அஞ்சு பொத்தான். இண்டைக்கு எண்ணினா ஆறு. ஆறாவது, காளான்."