ரெஃபரல் கேட்டால் பதில் வரவில்லை

"பழைய டீம் அண்ணாவுக்கு ‘ஓப்பனிங் இருந்தா ரெஃபர் பண்ணுங்க’னு ரெஸ்யூமோட அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. திரும்ப எப்படிக் கேட்கிறது?"

ஒரே ஒரு வேலையைக் குறிப்பிட்டு, இப்படி அனுப்புங்க:

"அண்ணா, உங்க கம்பெனி தளத்துல டெஸ்ட் ஆட்டோமேஷன் வேலை பார்த்தேன், லிங்க்கும் ஜாப் ஐடியும் கீழே. 3 வருஷ செலினியம், ஜாவா கேட்கிறாங்க. எனக்கு 4 வருஷம். ஏபிஐ டெஸ்டிங்கும் வேணுமாம்; நம்ம பில்லிங் ப்ராஜெக்ட்ல ராத்திரி ஓடுற ரிக்ரெஷன் செட் நான் எழுதினதுதான். ஜென்கின்ஸ் மட்டும் கொஞ்சம்தான் தெரியும். ரெஃபர் பண்ண முடியுமா? தோதுப்படலன்னா பரவாயில்ல."

முதல் மெசேஜில் வேலையைத் தேடும் பொறுப்பு அவர் தலையில் விழுந்துவிட்டது. அநேகமா அதனால்தான் தள்ளிப்போட்டிருப்பார். பில்லிங் ப்ராஜெக்ட் பற்றிய அந்த வாக்கியம் முக்கியம். அவர் கண்ணால் பார்த்த வேலை என்பதால், ரெஃபரல் படிவத்தில் ‘எப்படித் தெரியும்’ என்ற கட்டத்தில் அப்படியே போட்டுவிடலாம்.

அனுப்பும் முன் ரெஸ்யூமில் ‘ஏபிஐ’ என்று தேடிப் பாருங்க. முதல் பக்கத்தில் வரலைன்னா, மெசேஜில் சொன்னது எச்ஆர் கண்ணில் படாது.

ஒன்று: நீங்களே தளத்தில் விண்ணப்பித்துவிடாதீங்க. பல கம்பெனிகளில் அதன்பிறகு ரெஃபரல் ஏறாது.