வினைமுற்றை விடுங்கள், சொல்லைப் பாருங்கள்

கேள்வி: கிராமங்களில் வீடு வீடாகப் போய் வேலை, வருமானம், உடல்நலம் பற்றிக் கேட்க ஒரு கேள்வித்தாள் தயாரிக்கிறோம். எழுத்துத் தமிழில் போடுவதா, பேச்சுத் தமிழிலேயே போடுவதா? எங்கள் குழு இரண்டு கட்சியாக நிற்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

பன்னிரண்டு வருடமாகக் கள ஆய்வு மேற்பார்வையில் இருக்கிறேன். இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்துவிட்டேன். இப்போது நான் செய்வது இதுதான்: வினைமுற்று எழுத்துத் தமிழில், சொற்கள் பேச்சுத் தமிழில், வாக்கியம் பேசுகிற அளவுக்குக் குட்டையாக.

இதற்குக் காரணம் உண்டு. "செய்தீர்களா" என்று அச்சடித்துக் கொடுத்தால் எந்தக் களப்பணியாளரும் அதை அப்படியே வாசிப்பதில்லை. கோயம்புத்தூர்ப் பெண் "செஞ்சீங்களா" என்பார், ராமநாதபுரத்துக்காரர் "செஞ்சீகளா" என்பார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வாய் மாற்றிக்கொள்கிறது, பொருளும் மாறுவதில்லை. அதனால் விகுதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதையே "செஞ்சீங்களா" என்று அச்சடித்தால் ராமநாதபுரத்துக்காரருக்கு அது வேற்றூர்ப் பேச்சு. எழுத்துக்கூட்டலுக்கும் நிலையான முறை கிடையாது. ஒரே தாளில் செஞ்சீங்களா, செஞ்சிங்களா, செய்தீங்களா மூன்றும் வந்து நிற்கும். ஒருமுறை முழுப் பேச்சுத் தமிழில் அச்சடித்த படிவத்தை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் நிரப்பக் கொடுத்தோம். இரண்டு வரி படித்துவிட்டு, "இது என்ன தம்பி, நாடக வசனமா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சொல் அப்படியல்ல. கடினமான சொல்லைப் போட்டால் அதையும் களப்பணியாளர் மாற்றத்தான் செய்வார், ஆனால் ஆளுக்கு ஒரு விதமாக. தென்காசிப் பக்கம் ஒரு ஆய்வில் மேலிடத்திலிருந்து வந்த கேள்வி இது:

"கடந்த ஏழு தினங்களில் தாங்கள் ஊதியம் பெறும் பணி எதிலேனும் ஈடுபட்டிருந்தீர்களா?"

மூன்று பேர் இதை எப்படிக் கேட்டார்கள் என்று கூடவே போய்க் கவனித்தேன். ஒருவர், "போன வாரம் எதாவது வேலைக்குப் போனீங்களா?" இன்னொருவர், "சம்பளத்துக்கு வேலை பாக்கீங்களாக்கா?" மூன்றாமவர், "ஒரு வாரமா வேலை இருந்துச்சா?" இவை மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் சொன்ன அம்மாவின் மடியில் சுளகு, அதில் பீடி இலையும் தூளும். கை சுற்றிக்கொண்டே இருக்கிறது, வாய் சொல்கிறது: "வேலைக்கெல்லாம் போகலப்பா, சும்மா வீட்டுலதான் இருக்கேன்." அவர் சொன்னதில் பொய் இல்லை. "வேலைக்குப் போவது" என்றால் வாசலைத் தாண்டிப் போவதுதான். பீடி சுற்றுவது ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற வேலைதான், ஆனால் அவர் போகவில்லையே. படிவத்தில் "இல்லை" என்று விழுந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எழுத்துத் தமிழ்ச் சொல் புரியவில்லை, பேச்சுத் தமிழ்ச் சொல் புரிந்தது, ஆனால் குறுகிப்போய்விட்டது. "பணிபுரிகிறீர்களா" என்றால் ஆபீஸ், மாதச் சம்பளம். "வேலைக்குப் போறீங்களா" என்றால் வெளியில் போவது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறையில் கூலி வந்தாலும் வராவிட்டாலும் பொருளாதாரப் பயன் உள்ள செயல் வேலைதான், வீட்டுக்கு மட்டும் பால் கறந்தாலும் சேர்த்தி. இந்த அகலத்தைத் தாங்குகிற ஒற்றைச் சொல் பேச்சில் இல்லை. அப்போது சொல்லைத் தேடி அலையாமல் கேள்வியை உடைக்க வேண்டும். நாங்கள் கடைசியில் வைத்தது இப்படி:

"போன ____கிழமையிலிருந்து நேற்று வரைக்கும் ஏழு நாள். இந்த ஏழு நாளில் நீங்கள் வெளியில் வேலைக்குப் போனீர்களா?"

"வீட்டில் இருந்தபடியே ஏதாவது செய்தீர்களா? பீடி சுற்றுவது, தையல், ஆடு மாடு பார்ப்பது மாதிரி?"

கிழமையைக் களப்பணியாளர் நிரப்பிக் கேட்பார். புதன்கிழமை போனால் "போன புதன்கிழமையிலிருந்து". "போன வாரம்" என்று மட்டும் விட்டால் ஒருவர் போன ஞாயிறு வரை முடிந்த வாரத்தை நினைப்பார், இன்னொருவர் இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணுவார். கிழமை பெயர் இந்தக் குழப்பத்தை முடித்துவிடும்.

அடுத்து நம் மொழிக்கே உள்ள ஒரு சிக்கல், "நீங்கள்". மரியாதை ஒருமையும் அதுதான், பன்மையும் அதுதான். "நீங்கள் மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்?" என்று கேட்டால் கணவர், மகன் வருமானம் எல்லாம் கூட்டிச் சொல்வார்கள். எழுத்தில் எழுதினாலும் பேச்சில் எழுதினாலும் இது தீராது. "உங்கள் கைக்கு மட்டும்" என்றும் "வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து" என்றும் பிரித்துக் கேட்டால்தான் தீரும்.

நோய்ப் பெயர்களில் வாதமே வேண்டாம். நீரிழிவு என்று எழுதாதீர்கள், சர்க்கரை என்று எழுதுங்கள். உயர் இரத்த அழுத்தம் வேண்டாம், பிரஷர் போதும். "மருந்து" என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் பயம் வேண்டும். விவசாய ஊரில் மருந்து என்றால் வயலுக்கு அடிப்பது, "மருந்து குடித்துவிட்டான்" என்றால் துக்கச் செய்தி. "மாத்திரை போடுகிறீர்களா, ஊசி போடுகிறீர்களா" என்று கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான இடமும் உண்டு. "குடிப்பீங்களா?" என்று கேட்டால் காதில் விழுவது "நீ குடிகாரனா?" என்பதுதான். "தண்ணி அடிப்பீங்களா" என்றால் கூட்டாளி பேச்சு, பக்கத்தில் மனைவி நின்றால் பதிலே வராது. இங்கே "மது அருந்தும் பழக்கம் உண்டா?" என்பதுதான் நல்லது. மது என்ற சொல் பாட்டிலிலேயே எச்சரிக்கையாக அச்சாகிறது, எல்லோருக்கும் தெரியும். அதன் தூரம்தான் நமக்கு உதவி. பெண்களிடம் கேட்கும்போது "தீட்டு" என்று நாமாக எழுதவே கூடாது, அதில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. "மாதவிடாய்" என்று அச்சிட்டு, புரியாவிட்டால் "மாதா மாதம் வருவது" என்று சொல்லலாம் என்று பக்கத்தில் குறிப்புக் கொடுங்கள். எந்தக் கேள்விக்கு வாய் கூசுமோ, அங்கே எழுத்துத் தமிழ் ஒரு திரை மாதிரி நிற்கும்.

உங்கள் படிவத்தை ஆட்கள் தாங்களே செல்போனில் நிரப்பப் போகிறார்கள் என்றால் விகுதியில் சந்தேகமே வேண்டாம், முழுக்க எழுத்துத் தமிழ்தான். பள்ளிக்கூடத்திலிருந்து கண் பழகியது அதற்குத்தான். பேச்சு வடிவத்தை மனதுக்குள் வாசிக்க எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கும். சொல் மட்டும் அப்போதும் பேச்சுச் சொல்லாகவே இருக்கட்டும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, மூன்று களப்பணியாளர்களிடம் தாளைக் கொடுத்து, ஒருவர் கேட்பது மற்றவருக்குக் கேட்காமல் பதிவு செய்யுங்கள். விகுதி மட்டும் வேறுபட்டால் விட்டுவிடுங்கள். ஒரு பெயர்ச்சொல்லோ கால அளவோ வேறுபட்டால் அந்தக் கேள்வியைத் திருத்துங்கள், அவர்களைத் திட்டாதீர்கள். இரண்டு, ஆய்வு நடக்கப்போகும் ஊரிலேயே பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு, "இப்ப நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். "புரிந்ததா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் திருப்பிச் சொல்லும்போது எந்தச் சொல் வாயில் வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் படிவத்தில் "மாடு வளர்ப்பது" என்று முதலில் இருந்தது "மாடு பார்ப்பது" ஆனது அப்படித்தான்.