பிப்பும் எஸ்தெல்லாவும் சேர்ந்தார்களா: ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ முடிவு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலைப் படித்த எட்டுப் பேரும், கதை சொல்லும் பிப்பும் அவன் காதலிக்கும் எஸ்தெல்லாவும் கடைசியில் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தனி ஆளாக எப்படிப் பேசுவது அக்கா?

பதில்: கடைசி வாக்கியத்தில் போய் முதலில் இறங்காதீர்கள், அவர்கள் பலமே அங்கேதான். 59ஆம் அத்தியாயத்தில் அதற்குச் சற்று மேலே இருக்கும் பேச்சை வாய்விட்டு வாசியுங்கள். “நாம் நண்பர்கள்” என்கிறான் பிப். “பிரிந்திருந்தும் நண்பர்களாகவே இருப்போம்” என்கிறாள் எஸ்தெல்லா. நாவலில் அவள் வாய்திறப்பது அதோடு சரி. பிறகு கையைப் பிடிப்பது அவன், பனி விலகுவதைப் பார்ப்பது அவன், “இன்னொரு பிரிவின் நிழல் எதையும் நான் காணவில்லை” என்று சொல்வதும் அவன். ஆகவே, அவள் சம்மதித்த வரி எது என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்து 19ஆம் அத்தியாயத்தின் கடைசி வரி. இதை நீங்கள் வலிந்து இழுத்து வரவேண்டியதில்லை. முன்பு தான் வளர்ந்த கொல்லன் பட்டறையை விட்டுக் கிளம்பியபோது காலைப் பனி எழுந்ததுபோல இப்போது மாலைப் பனி எழுகிறது என்று நாவலின் கடைசி வாக்கியமே அங்கே திருப்பி அனுப்புகிறது. அன்று பனி விலகி, உலகம் அவன் முன்னே விரிந்து கிடந்தது. தனக்குப் பணம் தருவது எஸ்தெல்லாவை வளர்த்த பணக்காரி மிஸ் ஹாவிஷாம், எஸ்தெல்லாவை அவள் தனக்கென்றே வைத்திருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு போனான். இரண்டுமே தப்பு. பணம் மாக்விச் என்ற கைதியுடையது. தெளிவாகத் தெரிகிறது என்று அவன் நினைத்த இடத்தில்தான் ஏமாந்தான்.

இதை வைத்துக்கொண்டு “அவர்கள் சேரவில்லை” என்று அடித்துச் சொன்னால் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். அவன் பார்வையை நம்ப முடியாது என்பதுவரைதான் இந்த ஆதாரம் வரும். “சேர்ந்ததாக நாவல் சொல்லவில்லை” என்ற அளவில் நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: டிக்கன்ஸ் முதலில் எழுதியதே பிரியும் முடிவுதானே? நண்பர் சொல்லித்தான் மாற்றினார். அதைச் சொன்னால் வாதம் முடிந்துவிடுமே?

பதில்: தகவல் சரிதான், ஆனால் அது உங்கள் காலிலேயே விழும். 1861இல் நாவலாசிரியர் புல்வர்-லிட்டன் சொல்லி மாற்றினார். பழைய முடிவு 1874இல் டிக்கன்ஸின் நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய டிக்கன்ஸ் வாழ்க்கை வரலாற்றில் வெளியானது. அதில் எஸ்தெல்லா ஒரு டாக்டரை மறுமணம் செய்திருப்பாள், லண்டன் தெருவில் பிப்பைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். எதிர்த்தரப்பு உடனே கேட்கும்: “அந்தப் பிரிவை அழித்துவிட்டுத்தானே இதை எழுதினார்? அப்படியென்றால் சேர்த்துவைக்கத்தானே?”

கையெழுத்துப் பிரதியைப் பேசுவது இதைவிட மேல். அங்கே கடைசி வாக்கியம் “ஒன்றைத் தவிர” வேறு பிரிவில்லை என்ற பொருளில் முடிகிறது. அந்த ஒன்று மரணம் என்றுதான் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். வாழ்நாள் முழுதும் சேர்ந்திருப்பார்கள் என்பதற்கு மிக அருகில் வந்த சொல் அதுதான். அச்சில் அது இல்லை, எடுத்துவிட்டார். 1862 பதிப்பில் வாக்கியத்தையே மாற்றி, இன்று நாம் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஆகவே வட்டத்தில் எல்லோர் கையிலும் ஒரே வாக்கியம்தான் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 1861 வடிவத்தை அச்சிடும் பதிப்புகளும் உண்டு. பக்க எண் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அத்தியாய எண்ணைச் சொல்லுங்கள்.

கேள்வி: இதில் சண்டை எதற்கு? திரைச்சீலையைக் கிழித்து வெளிச்சம் வரவைத்து, இரண்டு பேரும் வீட்டைவிட்டு ஓடுவார்களே! எங்கள் கல்லூரியில் அப்படித்தான் நடத்தினார்கள்.

பதில்: அது டேவிட் லீன் எடுத்த 1946 படம். நாவலின் முடிவில் மிஸ் ஹாவிஷாமின் அந்த வீடே கிடையாது சார். இடித்துத் தள்ளியாயிற்று, மிஞ்சியிருப்பது பழைய தோட்டத்தின் மதில்தான்.

கேள்வி: நான் கல்யாணக் கட்சி. பிப் இதையெல்லாம் பல வருஷம் கழித்து எழுதுகிறார். பிரிந்திருந்தால் அந்தக் கடைசி வரியை அப்படியே விட்டிருப்பாரா?

பதில்: உங்கள் கட்சியில் நான் கேட்டதிலேயே பலமான வாதம் இது. அன்று நம்பியதை அன்று நம்பியபடியே எழுதுவது அவன் வழக்கம், 19ஆம் அத்தியாயமும் அப்படித்தான் என்று பதில் சொல்லலாம். ஆனால் அங்கே திருத்துவதற்குப் பின்னால் நாற்பது அத்தியாயம் இருந்தது. இங்கே புத்தகமே முடிந்துபோகிறது. அந்த மௌனம் சம்மதமா, மறைப்பா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வரி கிடைக்கவில்லை.

எதிர்த்தரப்பு, சிறுவயதுத் தோழி பிடி என்பவளிடம் பிப் பேசுவதைக் கொண்டுவந்தால் மட்டும் விடாதீர்கள். கல்யாணம் நடக்காது, நான் கட்டைப் பிரம்மச்சாரி ஆகிவிட்டேன் என்கிறான், அந்தக் கனவெல்லாம் போய்விட்டது என்கிறான். ஆனால் அதைச் சொல்லும்போதே, அன்று மாலை எஸ்தெல்லாவை நினைத்துத் தனியாக அந்தப் பழைய இடத்துக்குப் போக மனதுக்குள் முடிவு செய்திருந்ததையும் அவனே ஒப்புக்கொள்கிறான். அந்தப் பேச்சை மட்டும் வெட்டி எடுத்து வந்தால் அடுத்த வரியை வாசிக்கச் சொல்லுங்கள்.