எட்டு எழுத்துக்குள் ஒரு பாட்டு

வணக்கம். போன மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டு வாடகைக் காரில் சேலம் இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் வரும்போது காரில் ஒரு பாட்டு ஓடியது. ஜன்னல் திறந்திருந்தது, பின் சீட்டில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். வயலின்கள் மட்டும்தான் காதில் விழுந்தன, ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. ஸ்டீரியோவின் சின்னத் திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு முறை பார்த்தபோது HAVE THA என்று இருந்தது. பத்து வினாடிகூட ஆகியிருக்காது, மறுபடி பார்த்தால் VAI, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் POO. முதலில் பார்த்தது ஆங்கிலப் பாட்டு, அடுத்தது வேறு தமிழ்ப் பாட்டு என்று நினைக்கிறேன். ஆனால் நடுவில் பாட்டு மாறிய மாதிரி தெரியவில்லை. டிரைவரிடம் கேட்டேன், "ஃபிரெண்டு பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்ததுங்க, எனக்குத் தெரியாது" என்றார். HAVE THAT என்று தேடித் தேடி அலுத்துவிட்டது. எனக்குப் பழைய பாட்டுகள் அவ்வளவாகத் தெரியாது. கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

வழி இருக்கிறது. நீங்கள் பார்த்தது இரண்டு பாட்டு இல்லை, ஒரே பாட்டு. உங்கள் கடிதத்திலேயே அதைக் கண்டுபிடிக்கப் போதுமான எழுத்துகள் இருக்கின்றன. பாட்டின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் இப்படிக் கேட்டு வரும் கடிதங்கள் அதிகம் என்பதால், கண்டுபிடித்த விதத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்தத் திரை. வாடகைக் கார்களில் இருக்கும் ஒற்றை வரி ஸ்டீரியோக்கள் பலவற்றில் ஒரு நேரத்தில் எட்டு எழுத்து, பத்து எழுத்துதான் தெரியும். பெயர் அதைவிட நீளமாக இருந்தால் வலமிருந்து இடமாக ஓடும். HAVE THA என்பதை நடுவில் உள்ள இடைவெளியோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள், எட்டு வருகிறது. அதாவது ஒரு திரை நிறைய இருந்ததை நீங்கள் அப்படியே பார்த்திருக்கிறீர்கள். இதில் கவனிக்க வேண்டியது, திரையின் இடது ஓரத்தில் இருக்கும் H ஒரு சொல்லின் முதல் எழுத்தாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பது. அதற்கு முன்னால் எத்தனையோ எழுத்துகள் ஏற்கனவே ஓடிப் போயிருக்கலாம். வலது ஓரத்தில் இருக்கும் A-க்கும் இதே கதைதான். உறுதியாக நம்பக்கூடியது நடுவில் இருக்கும் அந்த ஒரு இடைவெளி மட்டுமே. ஆக நமக்குக் கிடைத்தது "HAVE" என்று முடியும் ஒரு சொல், "THA" என்று தொடங்கும் இன்னொரு சொல். கண்ணுக்குப் பழகிய ஆங்கிலச் சொல்லாக அது தெரிந்ததால் தேடல் முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது.

இந்த மாதிரி ஸ்டீரியோக்களில் தமிழ் எழுத்து வராது. அதனால் பாட்டுகளைப் பதிந்து வைப்பவர்கள் பெயரை ஆங்கில எழுத்தில்தான் போடுவார்கள். சரி, இதைத் தமிழ்ச் சொல்லாக வாசித்தால்? "அவே" என்று முடியும் சொற்கள் தமிழ்ப் பாட்டில் ஏராளம். நிலவே, கனவே, உறவே என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் உங்கள் துண்டில் AVE-க்கு முன்னால் H இருக்கிறது. நிலவேயில் அந்த இடத்தில் L வரும், கனவேயில் N, உறவேயில் R. H வரவேண்டும் என்றால் அது TH, DH, ZH போன்ற ஒரு ஜோடியின் பின்பாதியாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் எழவே, தொழவே, கதவே என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான் மிஞ்சுகின்றன.

இப்போது இரண்டாவது துண்டு. பெயர் ஓடி முடிந்ததும் இந்தத் திரைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு இடம் காலியாக விட்டு, மறுபடி முதலிலிருந்து அதே பெயரை ஓட்டும். அந்த நேரத்தில் பார்த்தால் பெயரின் வாலும் தலையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நீங்கள் VAI-க்கும் POO-வுக்கும் நடுவே இடைவெளி இருந்ததாக எழுதியது இங்கே பெரிய உதவி. VAI என்பது பெயரின் கடைசி, POO என்பது அதே பெயரின் தொடக்கம். ஓடும் எழுத்தை வைத்துத் தேடுகிறவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டையும் ஒட்டி "வாய்ப்பூ" என்றோ "வைப்பூ" என்றோ தேடினால் எதுவும் கிடைக்காது.

இப்போது எல்லாவற்றையும் வரிசையில் வைத்துப் பாருங்கள். பெயர் "பூ" என்று தொடங்குகிறது. நடுவில் "தவே" அல்லது "ழவே" என்று ஒரு சொல் முடிந்து, அடுத்த சொல் "தா" அல்லது "த" என்று ஆரம்பிக்கிறது. கடைசியில் "வாய்" அல்லது "வை". கதவு, தா, வாய். மார்கழியில் திருப்பாவை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கேயே பொறி தட்டும். பதினாறாம் பாசுரத்தில் ஆண்டாள் வாயில் காப்பானைப் பார்த்து "மணிக்கதவம் தாள் திறவாய்" என்கிறாள். கதவு என்றதும் தாள், தாள் என்றதும் திறவாய். இந்த மூன்றும் தமிழில் அவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து வருபவை. "பூ"வில் தொடங்கி இந்த மூன்றும் வரிசையாக வரும் சினிமாப் பாட்டு "பூங்கதவே தாழ் திறவாய்". 1980இல் வந்த நிழல்கள் படத்தில், பாரதிராஜா இயக்கத்தில், இளையராஜா இசையமைத்தது. பாடியவர்கள் தீபன் சக்கரவர்த்தியும் உமா ரமணனும்.

தோன்றிவிட்டது என்பதற்காக அதோடு விட்டுவிடக் கூடாது. எழுத்தை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். திரையில் அந்தப் பெயர் இப்படி ஓடியிருக்க வேண்டும்:

```
POONKATHAVE THAAL THIRAVAI
```

இதில் எட்டாவது எழுத்திலிருந்து எட்டு இடம் எடுத்தால் HAVE THA சரியாக வந்து உட்காருகிறது. அங்கிருந்து பதினாறு எழுத்து நகர்ந்தால் திரையில் VAI, இரண்டு காலியிடம், POO. இதுவும் மொத்தம் எட்டு. வினாடிக்கு இரண்டு எழுத்து ஓடும் திரையில் பதினாறு எழுத்து நகர எட்டு வினாடி ஆகும். நீங்கள் சொன்ன "பத்து வினாடிகூட ஆகியிருக்காது" என்பதோடு அது ஒத்துப்போகிறது. எழுத்து, இடைவெளி, நேரம் மூன்றும் இப்படிப் பொருந்தும்போது வேறு பாட்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இன்னொன்றும் அந்த எழுத்துகளிலிருந்து தெரிகிறது. எம்பி3 கோப்புக்கு உள்ளேயே பாட்டின் பெயர், பாடியவர், படம் ஆகியவற்றை எழுதி வைக்க ID3 என்று ஓர் ஏற்பாடு உண்டு. அது காலியாக இருந்தால் ஸ்டீரியோ கோப்பின் பெயரையே காட்டும். கோப்பின் பெயர் என்றால் கடைசியில் .MP3 ஒட்டிக்கொண்டு வரக்கூடும், முன்னால் 01, 02 என்று எண் இருப்பதும் சகஜம். உங்கள் துண்டில் VAI-க்குப் பின்னாலும் ஒன்றும் இல்லை, POO-வுக்கு முன்னாலும் ஒன்றும் இல்லை. ஆகவே அது பெரும்பாலும் ID3 பெயர். அதன் பழைய வடிவத்தில் தலைப்புக்கு முப்பது எழுத்துக்குத்தான் இடம், அதற்கு மேல் போனால் வெட்டுப்படும். இந்தப் பெயர் இருபத்தாறில் முடிந்துவிடுவதால் நீங்கள் பார்த்த VAI உண்மையான முடிவுதான், பாதியில் அறுந்த சொல் இல்லை.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். இந்தப் பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். POONGATHAVE என்பார்கள், POONGADHAVE என்பார்கள், தாழை THAZH என்றும் THAL என்றும் போடுவார்கள், திறவாய்க்கு ஒரு A கூடும். அதனால் பார்த்த துண்டை அப்படியே தட்டினால் பல நேரம் கிடைக்காது. K-யும் G-யும், L-உம் ZH-உம், ஒற்றை A-யும் இரட்டை A-யும் ஒன்றுக்கு ஒன்று மாறும் என்று வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லை முதலில் கண்டுபிடித்து, அதைத் தமிழிலேயே தட்டித் தேடுவதுதான் நல்லது.

பென்டிரைவில் பாட்டு ஏற்றித் தருகிறவர்கள் பெயரை மாற்றிப் போட்டிருப்பதும் உண்டு. ஒரு பாட்டின் பெயர் இன்னொரு பாட்டின் மேல் ஒட்டியிருக்கும். அப்படியானால் எழுத்தெல்லாம் பொருந்தும், பாட்டு பொருந்தாது. அதற்கு ஒரே சோதனை காதுதான். "பூங்கதவே" பாட்டைப் போட்டு, முதலில் குரல் வரும் முன் ஒலிக்கும் இசையை மட்டும் கேளுங்கள். வயலின் கூட்டம் அலை மாதிரி எழுந்து வரும். தமிழ் சினிமாவில் கல்யாணக் கனவை இவ்வளவு அழகாக வயலினில் சொன்ன முன்னிசை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பிள்ளைகள் சத்தத்தையும் மீறி உங்கள் காதுக்கு வந்தது அதுவாக இருந்தால், கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். அப்படியே பாட்டு முழுவதும் கேளுங்கள். தீபன் சக்கரவர்த்தி, திருச்சி லோகநாதனின் மகன். உமா ரமணன் 2024 மே மாதம் மறைந்தார். அவர் பாடிய பாட்டுகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அந்தக் குரலுக்கு ஈடாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. உங்களைப் போலப் புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு இந்தப் பாட்டு நல்ல தொடக்கம்.

கேட்டுவிட்டு இல்லை என்று தோன்றினால் எழுதுங்கள். எந்தக் கருவி என்று கேட்டீர்கள், ஆண் குரலா பெண் குரலா, அடுத்து ஓடிய பாட்டு எது என்பதெல்லாம் நினைவுக்கு வந்தால் சேர்த்து எழுதுங்கள். கலைத்துப் போடும் ஷஃபில் இல்லாமல் வரிசையாக ஓடியிருந்தால், முன்னும் பின்னும் வந்த பாட்டுகள் அதே படத்தின் பாட்டுகளாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அப்புறம், அடுத்த முறை இப்படி ஒரு பாட்டு காதில் விழுந்தால் திரையைப் போட்டோ எடுக்காதீர்கள், வீடியோ எடுங்கள். போட்டோவில் எட்டு எழுத்துதான் கிடைக்கும், அதிலும் ஒளிரும் எழுத்துள்ள திரை என்றால் கோடுகள் பாதி விடுபட்டு விழும். பெயர் இரண்டு சுற்று ஓடி முடியும் வரை வீடியோ எடுத்தால் தலை எது, வால் எது என்பது தானாகத் தெரிந்துவிடும். வண்டி நேரான சாலைக்கு வந்த பிறகு டிரைவரிடம் DISP பொத்தானை அழுத்தச் சொல்லலாம். பல ஸ்டீரியோக்களில் அதை அழுத்த அழுத்த பாட்டின் பெயருக்குப் பிறகு பாடியவர், படம் என்று ஒவ்வொன்றாக மாறும். படத்தின் பெயர் கிடைத்துவிட்டால் இவ்வளவு எண்ண வேண்டிய வேலையே இருக்காது.