பழைய கார்டை மூடிய மாதம் என் ஸ்கோருக்கு என்ன ஆனது

கேள்வி: 12 வருஷமா ஒரு கிரெடிட் கார்டு வெச்சிருக்கேன். இப்ப அதை யூஸ் பண்றதே இல்ல, வருஷக் கட்டணம் மட்டும் போகுது. மூடிட்டா சிபில் ஸ்கோர் குறையுமா?

பதில்:

உங்களிடம் இன்னொரு கார்டு இருக்கும், அதைத்தான் இப்போது புழங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆறு மாதத்துக்குள் வீட்டுக் கடன், வாகனக் கடன் என்று ஏதாவது கேட்கப் போகிறீர்கள் என்றால் இப்போதைக்கு மூடாதீர்கள். கடன் திட்டமே இல்லை என்றால் மூடுவதில் பெரிய நஷ்டம் வராது. ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பது என் கதையைப் படித்தால் தெரியும். நான் வங்கியில் வேலை பார்ப்பவன் இல்லை. மன்னார்குடிப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். கார்டு விற்கிற ஆள் என்று யாராவது கமெண்ட்டில் எழுத வேண்டாம்.

என்னுடைய முதல் கார்டு 2010-ல் தஞ்சாவூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. ஆரம்பத்தில் இருபதாயிரம் லிமிட். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஒன்றரை லட்சம் ஆக்கியிருந்தார்கள். 2020-ல் இன்னொரு வங்கியில் ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்று வாங்கினேன். அதற்கு லிமிட் அறுபதாயிரம். அப்புறம் பழையதை எடுப்பதே இல்லை. வருஷத்துக்கு 750 ரூபாய் கட்டணம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 885 ரூபாய் சும்மா போய்க்கொண்டிருந்தது. 2025 ஜூனில் மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மாதக் கடைசியில் மூடிவிட்டதாக மெயில் வந்தது. விதை மூட்டை பிரிக்கிற கத்தரியால் கார்டை நாலாக வெட்டிக் குப்பையில் போட்டேன்.

அந்த ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறந்துவிட்டார்கள். தண்ணீர் உரிய நேரத்துக்கு வந்தால் குறுவைக்கு எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். உரமும் பூச்சிமருந்தும் பாதிக்கு மேல் கடனில்தான் போகும், பணம் அறுவடைக்குப் பிறகுதான் திரும்பும். எனவே ஜூலையில் என் கையில் ரொக்கம் இருக்காது. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டி வந்தபோது 46,000 ரூபாயைப் புதுக் கார்டில் தேய்த்தேன். பெட்ரோல், மளிகை என்று இன்னொரு இரண்டாயிரம். ஜூலை 18-ல் ஸ்டேட்மென்ட் 48,000 ரூபாய்க்கு வந்தது. கடைசித் தேதி ஆகஸ்ட் 7. ஆகஸ்ட் 5-லேயே ஒரு பைசா பாக்கி இல்லாமல் கட்டிவிட்டேன். பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் தேதி தவறியது கிடையாது. அதனால்தான் அடுத்து நடந்தது எனக்கு அவ்வளவு உறைத்தது.

ஆகஸ்ட் 11-ம் தேதி, இருக்கிற மனையில் வீடு கட்ட 20 லட்சம் கடன் கேட்டுப் போனேன். மே மாதம் நான் பார்த்தபோது ஸ்கோர் 782. கடன் அதிகாரி எடுத்துப் பார்த்தபோது 741. அந்த வங்கியில் 750-க்கு மேல் இருந்தால் 7.75 சதவீதம், அதற்குக் கீழே போனால் 8 சதவீதம். கால் சதவீதம்தானே என்று தோன்றும். 20 லட்சத்துக்கு 20 வருஷம் என்றால் மாதத் தவணை 16,419 ரூபாயிலிருந்து 16,729 ரூபாயாக ஏறுகிறது. மாதம் 310 ரூபாய். வட்டி மாறாமல் இருந்தால் மொத்தத்தில் எழுபத்து நாலாயிரத்துக்கு மேல். நான் மிச்சம் பிடிக்கப் போனது 885 ரூபாய்.

அந்த அதிகாரி சின்னப் பையன், ஆனால் விவரமானவர். திரையை என் பக்கம் திருப்பி, "சார், சமீபத்துல ஏதாவது கார்டு மூடினீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் காகிதம் இன்னும் என் கல்லாப்பெட்டியில் கிடக்கிறது.

அதில் இருந்தது இவ்வளவுதான். இரண்டு கார்டும் இருந்தபோது மொத்த லிமிட் 2,10,000. அதில் 48,000 பயன்படுத்தியிருந்தால் சுமார் 23 சதவீதம். பழைய கார்டை மூடியதும் மொத்த லிமிட்டே 60,000 ஆகிவிட்டது. அதே 48,000 இப்போது 80 சதவீதம். நான் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை. வகுக்கிற எண் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சட்டம் கிடையாது, ஆனால் 80 என்பது கடனில் மூச்சு முட்டுகிற ஆளின் எண்ணாகத்தான் தெரியும்.

"முழுசாக் கட்டிட்டேனே தம்பி" என்றேன். அங்கேதான் நான் இத்தனை வருஷம் தெரியாமல் இருந்த விஷயம் வந்தது. நான் கட்டினேனா என்பது ஒரு தகவல், ஒரு குறிப்பிட்ட நாளில் கார்டில் எவ்வளவு பாக்கி நின்றது என்பது இன்னொரு தகவல். இரண்டும் தனித்தனியாகப் போகின்றன. 2025-ல் இருந்த விதிப்படி வங்கிகள் மாதம் இரண்டு தடவை, 15-ம் தேதி நிலவரத்தையும் மாதக் கடைசி நிலவரத்தையும் சிபிலுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஜூலை 31-ல் என் பாக்கி 48,000. அதுதான் சிபிலில் நின்றது. ஆகஸ்ட் 5-ல் நான் கட்டியது அடுத்த தகவல் போகிறவரை அங்கே தெரியாது.

சரி, நீங்கள் பயப்படுகிற இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன்: கார்டின் வயது. மூடினால் பன்னிரண்டு வருஷ வரலாறும் அழிந்துபோகும் என்றுதான் பலபேர் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, அந்த வங்கிப் பையனிடம் முதலில் அதைத்தான் கேட்டேன். அவர் ரிப்போர்ட்டில் காட்டினார். 2010 கார்டு அப்படியே இருக்கிறது. திறந்த தேதி, மூடிய தேதி, மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிய வரிசை எல்லாம் இருக்கிறது. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் குறைந்தது 7 வருஷம் இதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆக, வயதால் வரும் அடி உடனே விழுவதில்லை. பல வருஷம் கழித்து அந்தக் கணக்கு ரிப்போர்ட்டிலிருந்து விழுந்தால், அன்றைக்கு என் மிகப் பழைய கணக்கு 2020-ல் வாங்கியதாக இருக்கும். அதற்குள் அதற்கும் பத்துப் பன்னிரண்டு வயது ஆகியிருக்கும். மூடிய கணக்குக்கு எத்தனை மதிப்பெண், திறந்த கணக்குக்கு எத்தனை என்ற சூத்திரத்தை சிபில் வெளியிடுவதில்லை. ஆகவே "வயதால் இத்தனை பாயின்ட் போகும்" என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். என் விஷயத்தில் இறக்கியது லிமிட்தான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பாக்கி போனதும் ஸ்கோர் ஏறிவிட்டது, மூடிய கார்டு மூடியபடியேதான் இருந்தது.

அந்தப் பையன் சொன்னபடி மூன்று வாரம் பொறுத்தேன். ஆகஸ்டில் அந்தக் கார்டைத் தொடவே இல்லை. செப்டம்பர் முதல் வாரம் மறுபடி எடுத்துப் பார்த்தபோது 771. பழைய 782 திரும்பவில்லை. வங்கி எடுத்துப் பார்த்த விசாரணைக்கே சில பாயின்ட் குறையும் என்றார். எப்படியோ 750-ஐத் தாண்டியது போதும், 7.75-க்கே கடன் கிடைத்தது.

உங்களுக்கு நேரம் இருந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள். பழைய கார்டு கொடுத்த வங்கியிலேயே, அதே கணக்கை ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள். பழைய திறந்த தேதியும் லிமிட்டும் அப்படியே தொடருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சில இடங்களில் புதுக் கணக்காகவே போட்டுவிடுவார்கள். மாற்றிக் கொடுத்தால், மாதம் ஒரு ஃபோன் ரீசார்ஜாவது அதில் செய்யுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்தாமல் கிடந்தால் வங்கியே தகவல் அனுப்பிவிட்டு, 30 நாளில் நீங்கள் பதில் சொல்லாவிட்டால் மூடிவிடலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. மூடத்தான் வேண்டும் என்றால், புழங்குகிற கார்டின் லிமிட்டை முதலில் ஏற்றிக்கொண்டு அப்புறம் பழையதை மூடுங்கள். பெரிய செலவு வரும் மாதத்தில் ஸ்டேட்மென்ட் வரும்வரை காத்திருக்காமல் பாதிக்கு மேல் கட்டிவிடுங்கள்.

கார்டு இருந்தாலே கை நீளும், மூடுவதுதான் நிம்மதி என்று சிலர் வாதாடுவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். வட்டி கட்டுகிற பழக்கம் இருக்கிற ஆளுக்கு ஸ்கோரைவிட அதுதான் முக்கியம். என் பதில் முழுசாகக் கட்டுகிறவர்களுக்கு.

கேட்டதற்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் கடை நோட்டில் ஒரு பெரியவர் கணக்கு இருக்கிறது. மூன்று ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறார். இருபது வருஷமாக, சம்பா அறுத்து நெல் போட்டதும் கடைக்கு வந்து பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் பொங்கல் துணி எடுப்பார். வெள்ளத்தில் பயிர் போன வருஷம்கூட மனைவி தோட்டை அடகு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார், நான் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. பேரனுக்கு பைக் வாங்க அவர் பேரில் கடன் கேட்டபோது ரிப்போர்ட்டில் ஸ்கோருக்குப் பதிலாக மைனஸ் ஒன்று என்று வந்தது. வரலாறே இல்லை என்று அர்த்தமாம். இருபது வருஷ வரலாறு என் நோட்டில் இருக்கிறது. அதைக் காட்ட எந்தக் கவுன்டரும் இல்லை. எங்கள் ஊரில் நாணயம் என்றால் அவர்தான்.

சரி, உங்கள் கார்டுக்கு வருகிறேன். கடைசியில் மூடுவதாகவே முடிவெடுத்தால் பாக்கியைச் சுத்தமாகத் தீர்த்துவிட்டுக் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ஆளை விட்டுப் பேசச் சொல்லி, சலுகை சொல்லி இழுத்தடித்தால் இதை ஞாபகப்படுத்துங்கள். மூடியதைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம், அதை அந்த 30 நாள் கழித்து எடுங்கள். அதில் அந்தக் கார்டுக்கு நேராக மூடிய தேதி இருக்கிறதா, பாக்கி பூஜ்யமா என்று பாருங்கள். 'செட்டில்டு' என்று இருந்தால் விடாதீர்கள். அது கடனைக் குறைத்துப் பேசி முடித்தவனுக்குப் போடுகிற முத்திரை, உங்களுக்கு உரியது 'க்ளோஸ்டு'.